வைடால் ரிப்போர்ட்டில் 1:160 என்றால் டைபாய்டா?

போன மார்கழியில் நாற்பது வயதுப் பெண் ஒருவரை அவர் கணவர் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். ஒன்பது நாளாகக் காய்ச்சல். நான்காம் நாளில் பக்கத்து ஊரில் ரத்தம் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். டைபாய்டுக்காகச் செய்யும் வைடால் பரிசோதனையின் ரிப்போர்ட்டில் O 1:160, H 1:160 என்று இருந்தது. அடியில் "பாசிட்டிவ்" என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்.

"டைபாய்டுனு சொல்லிட்டாங்க டாக்டர். அஞ்சு நாளா ஊசி போட்டோம், காய்ச்சல் நிக்கவே இல்ல" என்றார் கணவர். போட்டது செஃப்ட்ரியாக்சோன் ஊசி. டைபாய்டுக்குச் சரியான மருந்துதான். ஐந்து நாளில் காய்ச்சல் நிற்கவில்லை என்பதற்காக மட்டும் டைபாய்டு இல்லை என்று சொல்லிவிட முடியாது. சரியான மருந்து கொடுத்தாலும் டைபாய்டில் சூடு தணிய நான்கைந்து நாள், சிலருக்கு இன்னும் கூடுதலாக ஆகும்.

என் கண்ணை உறுத்தியது அந்த H 1:160. டைபாய்டு கிருமி உடலுக்குள் போனால் அதை எதிர்க்கும் ஆன்டிபாடி உடனே உருவாகிவிடாது. O ஆன்டிபாடி பொதுவாக முதல் வாரம் முடியும் தறுவாயில் தென்படும். H அதற்கும் சில நாள் கழித்து, பத்தாம் நாள் வாக்கில் வரும். காய்ச்சலின் நான்காம் நாளிலேயே இரண்டும் 1:160 இருந்தால், அவை இந்தக் காய்ச்சலில் பிறந்தவையாக இருக்க வாய்ப்பு குறைவு. முன்பே உடம்பில் இருந்திருக்க வேண்டும். விசாரித்தபோது, இரண்டு வருடத்துக்கு முன்பு டைபாய்டு வந்து படுத்திருந்ததாகச் சொன்னார்.

இந்தப் பரிசோதனை 1896-இல் பாரிசில் ஃபெர்னாண்ட் வைடால் என்ற மருத்துவர் அறிவித்தது. நோயாளியின் ரத்தத்தை உறையவிட்டுப் பிரித்த சீரத்தோடு, கொல்லப்பட்ட டைபாய்டு கிருமிகள் மிதக்கும் திரவத்தைக் கலப்பார்கள். சீரத்தில் ஆன்டிபாடி இருந்தால் அது கிருமிகளை ஒன்றோடு ஒன்று பிணைத்துவிடும். பால் திரிவது போல அந்தத் திரவம் திரிதிரியாகும். O என்பது கிருமியின் மேலுறையில் இருக்கும் பொருள். H அது நீந்தப் பயன்படுத்தும் இழையில் இருப்பது. 1:160 என்றால் சீரத்தை 160 மடங்கு நீர்க்கச் செய்த பிறகும் திரிதல் தெரிந்தது என்று பொருள். அதாவது இந்தச் சோதனை தேடுவது கிருமியை அல்ல, கிருமி வந்து போன தடயத்தை. தடயம் நேற்று விழுந்ததா, இரண்டு வருடத்துக்கு முன்பு விழுந்ததா என்று அதனால் சொல்ல முடியாது.

டைபாய்டே அரிதாக இருக்கும் நாட்டில் இது பெரிய குறை இல்லை. நம் ஊர் அப்படியல்ல. குடிநீரிலும் சாப்பாட்டிலும் இந்தக் கிருமியையோ அதன் சால்மோனெல்லா உறவுக்காரக் கிருமிகளையோ பலரும் தெரியாமலே சந்தித்திருப்போம். அதனால் காய்ச்சலே இல்லாத ஆளிடமும் 1:40, 1:80 என்று காட்டுவது சாதாரணம். எந்த அளவுக்கு மேல் போனால் சந்தேகப்பட வேண்டும் என்பதை அந்தந்தப் பகுதியில் நலமாக இருப்பவர்களின் ரத்தத்தைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. மலேரியா, டெங்கு, ஸ்க்ரப் டைபஸ் போன்ற வேறு காய்ச்சல் வரும்போது, பழைய டைபாய்டு நினைவு கிளறப்பட்டு அந்த ஆன்டிபாடியும் சேர்ந்து ஏறலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் புரிவதற்காக நான் வைத்துக்கொண்டவை. காய்ச்சலோடு வரும் 100 பேரில் 10 பேருக்கு உண்மையில் டைபாய்டு. சோதனை அதில் 7 பேரைக் கண்டுபிடிக்கிறது. மீதி 90 பேரில் ஐந்தில் ஒருவருக்குத் தவறாகப் பாசிட்டிவ் காட்டுகிறது, அதாவது 18 பேருக்கு. மொத்தம் 25 பேர் கையில் "பாசிட்டிவ்" ரிப்போர்ட் இருக்கும். அதில் டைபாய்டு உள்ளவர்கள் 7 பேர்தான். நெகட்டிவ் ரிப்போர்ட்டோடு நிம்மதியாக வீட்டுக்குப் போனவர்களிலும் 3 டைபாய்டு நோயாளிகள் இருக்கிறார்கள்.

செய்முறையிலும் தவறு நுழைகிறது. பெரும்பாலான சின்ன லேப்களில் செய்வது கண்ணாடித் தகட்டில் சொட்டுவிட்டு ஆட்டிப் பார்க்கும் ஸ்லைடு முறை. ஒரு நிமிடத்துக்குள் படித்துவிட வேண்டும். வேலை நெருக்கடியில் விட்டுவிட்டு வந்து பார்த்தால், சொட்டு காய்ந்து ஓரத்தில் துகள் துகளாகத் தெரியும். அதைத் திரிதல் என்று எழுதிவிடுவார்கள். குழாயில் நீர்த்து இரவு முழுக்க 37 டிகிரியில் வைத்துப் படிக்கும் முறை இதைவிட நம்பகமானது. ஆனால் அதற்குப் பொறுமை வேண்டும், மறுநாள் வரை காத்திருக்கவும் வேண்டும்.

சரி, அந்தப் பெண்ணிடம் வருவோம். தலைவலி தாங்கவில்லை, லேசாக மூச்சு வாங்கியது, தட்டணுக்கள் 90,000-க்கு இறங்கியிருந்தன. ஆடு மேய்ப்பவர், தினமும் புதர்க்காட்டில் நடப்பவர். நர்ஸ் அம்மாவைத் துணைக்கு வைத்துக்கொண்டு உடம்பு முழுக்கத் தேடினோம். பாவாடை நாடா இறுக்கும் இடுப்பு மடிப்பில், சிகரெட்டால் சுட்டது போலக் கறுத்த பொருக்கு ஒன்று. வலி இல்லாததால் அவருக்கே தெரியவில்லை. சின்னஞ்சிறு பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸின் அடையாளம் அது. தமிழகத்தில் மழையும் பனியும் சேர்ந்த மாதங்களில் இதை நிறையப் பார்க்கிறோம். பெயர் ஒன்றுபோலத் தோன்றினாலும் டைபாய்டுக்கும் இதற்கும் உறவே கிடையாது. செஃப்ட்ரியாக்சோன் இந்தக் கிருமியைத் தொடாது. டாக்சிசைக்ளின் ஆரம்பித்தோம். இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கிவிட்டது. ஸ்க்ரப் டைபஸுக்கான ரத்தப் பரிசோதனையும் பிறகு உறுதி செய்தது.

ஐந்து நாள் தள்ளிப்போனதில் அவர் நுரையீரலோ சிறுநீரகமோ பழுதாகியிருக்கலாம். எனக்கு இப்போது நினைத்தாலும் பதைக்கிறது. அதே நேரம் முதலில் பார்த்த மருத்துவரின் பயமும் நியாயமானது. டைபாய்டைத் தவறவிட்டால் மூன்றாம் வாரத்தில் குடலில் ஓட்டை விழலாம். ஆகவே சந்தேகம் வலுவாக இருந்தால் மருந்தை ஆரம்பிக்கத்தான் வேண்டும். நான் கேட்பதெல்லாம், முதல் மாத்திரைக்கு முன்னால், ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் பிளட் கல்ச்சர் ஒன்று எடுங்கள் என்பதுதான். பெரியவர்களுக்கு எட்டு முதல் பத்து மில்லி ரத்தம் எடுக்க வேண்டும். "இவ்வளவு ரத்தமா?" என்று நோயாளிகள் மிரள்வார்கள். ரத்தத்தில் கிருமிகள் மிகக் குறைவாக இருப்பதால் அவ்வளவு தேவை என்று சொன்னால் ஒப்புக்கொள்கிறார்கள். முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். உண்மையான டைபாய்டிலும் பாதிக்குப் பாதி தப்பிப்போகலாம். ஆனால் டைபாய்டு கிருமியான சால்மோனெல்லா டைஃபி வளர்ந்துவிட்டால் சந்தேகத்துக்கு இடமில்லை. எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்பதும் சேர்ந்தே தெரிந்துவிடும்.

கல்ச்சர் வசதி இல்லாத ஊரில் வைடாலை ஓரளவு பயனுள்ளதாக்க ஒரு வழி உண்டு. முதல் வாரத்தில் ஒன்று, பத்து நாள் கழித்து இன்னொன்று என இரண்டு முறை எடுத்து, 1:80 என்பது 1:320 ஆக, அதாவது நான்கு மடங்காக ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். நடைமுறையில் இரண்டாவது ரத்தம் கொடுக்க யாரும் வருவதில்லை. ஏறாமல் போகும் டைபாய்டும் உண்டு. ஒற்றை ரிப்போர்ட்டை விட இது மேல், அவ்வளவுதான்.

மூன்று வாரம் கழித்து அந்தப் பெண் நடந்தே வந்தார். கணவர் கையில் ஐந்நூறு ரூபாய். "டைபாய்டு சுத்தமா போயிடுச்சானு இன்னொரு தடவை டெஸ்ட் எடுத்துடலாங்களா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அந்த எண் இன்னும் பல மாதம் அப்படியே நிற்கும். அடுத்த முறை சாதாரணச் சளிக்காய்ச்சல் வந்தாலும் "டைபாய்டு திரும்பிடுச்சு" என்று யாராவது சொல்வார்கள். அதனால் பழைய ரிப்போர்ட்டின் மேல் "ஸ்க்ரப் டைபஸ், டாக்சிசைக்ளினில் குணம்" என்று தேதி போட்டு எழுதிக்கொடுத்து, அடுத்து எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் இதைக் காட்டச் சொன்னேன்.