பாகூர்ல இருந்து ஆர்டரே வரலையாம்

போன வருஷம் பாண்டில மெடிக்கல் ஷாப் வச்சிருக்க ஒரு அண்ணன் கூப்பிட்டாரு. மருந்து வீட்டுக்கே கொண்டுபோய் கொடுக்க ஒரு மொபைல் ஆப் போட்டிருந்தாரு, ஆனா பத்து பேர் இன்ஸ்டால் பண்ணா ரெண்டு பேர்தான் ஆர்டர் போடுறாங்க, "என்ன தம்பி தப்பு, கலர் சரியில்லையா, லோகோ மங்கலா இருக்கு பாரு"ன்னாரு. கலரைப் பத்தி அப்புறம் பேசலாம்ணே, முதல்ல ஒரு ஹியூரிஸ்டிக் எவாலுவேஷன் பண்ணிடுவோம்னேன். அவருக்கு அந்தப் பேரே பிடிக்கல.

விஷயம் சிம்பிள்தான். சாஃப்ட்வேர் யூஸ் பண்ண சுலபமா இருக்கான்னு ஆராய்ச்சி பண்ண ஜேக்கப் நீல்சனும் ரோல்ஃப் மோலிச்சும் 1990ல கொண்டு வந்த முறை, நாம இப்ப யூஸ் பண்ற 10 விதி நீல்சன் 1994ல திருத்தினது. என்ன நடக்குதுன்னு ஆப் சொல்லுதா, மக்கள் பேசுற வார்த்தையில இருக்கா, தப்பா அழுத்திட்டா திரும்பி வர முடியுதா, இப்படி. ஸ்கிரீன் ஸ்கிரீனா உக்காந்து எங்கெங்க இந்த விதி உடையுதுன்னு எழுதணும். ஒருத்தரே பார்த்தா போதாது, நீல்சன் தன்னோட ப்ராஜெக்ட்கள்ல பார்த்த கணக்குப்படி தனியாளா ஒருத்தர் கண்டுபிடிக்கிறது இருக்கற பிரச்சினைகள்ல சராசரியா 35 சதவீதம்தான், அஞ்சு பேர் தனித்தனியா பார்த்து சேர்த்தா 75 கிட்ட வருது. அதனால 3லேர்ந்து 5 பேர் வைக்கச் சொல்றாரு. எங்களுக்கு இருந்த பட்ஜெட்டுக்கு மூணு பேர்: நான், லாஸ்பேட்டைல இருக்க ஒரு ஃப்ரெண்ட், கடலூர்ல இருந்து தினம் பஸ்ல வர ஒரு பொண்ணு.

மூணு பேரும் தனித்தனியா, ஒருத்தருக்கொருத்தர் மூச்சு விடாம பார்த்தோம். முதல் தடவை சும்மா ஆர்டர் போடுற மாதிரி ஓட்டிப் பார்க்கணும், ரெண்டாவது தடவைதான் விதியைக் கையில வச்சுக்கிட்டு நோண்டணும். ஆளுக்கு ஒண்ணரை மணி நேரம் ஆச்சு. மூணு லிஸ்ட்டும் சேர்த்தா 42 வரி, ஒரே பிரச்சினையை வேற வேற வார்த்தையில எழுதினதையெல்லாம் ஒண்ணாக்கினா 27. அதுல மூணு பேரும் பிடிச்சது வெறும் 5தான்.

நிறைய பேர் சொதப்புற இடம் இதுக்கப்புறம்தான் வருது. பிரச்சினையைக் கண்டுபிடிக்கும்போதே அது எவ்வளவு மோசம்னு பக்கத்துல மார்க் போட்டுடுவாங்க. போடக்கூடாது. அப்ப உங்க லிஸ்ட்ல இருக்கறது மட்டும்தான் உங்க கண்ணுக்குத் தெரியும், மத்தவங்க பார்த்தது தெரியாது, நாமளே கண்டுபிடிச்சதுங்கற பெருமையில மார்க்கும் கூடிடும். ஒண்ணாக்கின 27 வரி லிஸ்ட்டை ஸ்கிரீன்ஷாட்டோட மூணு பேருக்கும் அனுப்பி, மறுபடி தனித்தனியா 0லேர்ந்து 4 வரைக்கும் போடச் சொல்லணும். 0ன்னா இது பிரச்சினையே இல்ல, 1ன்னா வெறும் அழகு சமாச்சாரம், நேரம் இருந்தா சரி பண்ணு, 2 சின்னது, 3 பெருசு, 4ன்னா இதைச் சரி பண்ணாம வெளியில விடவே கூடாது. அண்ணன் புலம்பின லோகோவுக்கு மூணு பேருமே 1.

மார்க் போடும்போது மூணு விஷயம் பார்க்கணும். எத்தனை பேருக்கு வரும், வந்தா எவ்வளவு அடி, ஒரு தடவை பட்டா அடுத்த தடவை சுதாரிச்சுக்கலாமா இல்ல ஒவ்வொரு தடவையும் வந்து நிக்குமா.

மாத்திரை எண்ணிக்கையை எடுத்துக்கங்க. அந்த ஸ்கிரீன்ல ப்ளஸ் மைனஸ் நடுவுல "1"னு மட்டும் இருந்துச்சு. ஒரு மாத்திரையா ஒரு ஸ்டிரிப்பான்னு சொல்லல. பத்து நாளைக்கு வேணும்னு ஒருத்தர் 10 போட்டா பத்து ஸ்டிரிப் வந்து நிக்கும். புதுசா வர யாருக்கும் வரக்கூடிய தப்பு, பணமும் போகும், ஆனா ஒரு தடவை பட்டவங்க அடுத்து ஜாக்கிரதையா இருப்பாங்க. மூணு பேரும் 3 போட்டோம், சண்டையே இல்ல. "1 ஸ்டிரிப், 10 மாத்திரை"ன்னு எழுதினா முடிஞ்சுது.

சண்டை வந்தது பின்கோடுக்கு. பாகூர் புதுச்சேரியைச் சேர்ந்த ஊர்தான், ஆனா அதோட பின்கோடு 607402ஐ அடிச்சா மாநிலம் தானா "தமிழ்நாடு"ன்னு வந்து பூட்டிக்குது, மாத்த முடியல. கடை டெலிவரி பண்றது புதுச்சேரி எல்லைக்குள்ள மட்டும், அதனால அடுத்த ஸ்கிரீன்ல "உங்கள் பகுதிக்குச் சேவை இல்லை". டெவலப்பர் தம்பி முதல் மூணு நம்பரை வச்சு மாநிலத்தை முடிவு பண்ணியிருக்கார், 605ன்னா புதுச்சேரி, 607ன்னா கடலூர் பக்கம். ஆனா அந்த நம்பர் தபால் பிரிக்கறதுக்காக போட்டது, அதுக்கு மாநில எல்லை தெரியாது. நம்ம ஊரோ ஒரே துண்டா இல்லாம நடுவுல நடுவுல தமிழ்நாடு வந்து போற ஊரு. அதே ரூல்ல 605602 விழுப்புரம் புதுச்சேரி ஆயிடுது, அது தனிக் கூத்து.

இதுக்கு லாஸ்பேட்டை ஃப்ரெண்ட் 2 போட்டான், நான் 4, கடலூர் பொண்ணும் 4. அவன் காரணம் கேட்டா நியாயமாத்தான் இருந்துச்சு, கடைக்காரர் கொடுத்த கணக்குல பாகூர்ல இருந்து ஒரு ஆர்டர் கூட இல்ல, அப்ப கொஞ்ச பேருக்குத்தானே வரும்னான். அந்தப் பொண்ணு சொன்னா, "எப்படி வரும், ஆப்தான் வாசல்லயே நிறுத்துதே". வெளியில தள்ளப்பட்டவங்க கணக்குல இருக்க மாட்டாங்க. எத்தனை பேருக்கு வரும்ங்கறதை ஆர்டர் லிஸ்ட்ல தேடக்கூடாது, அந்த ஸ்கிரீன் வரைக்கும் வந்து நின்னவங்க எத்தனைன்னு பார்க்கணும். அதுவும் இல்லாம இதுல சுதாரிக்க வழியே கிடையாது, அந்த ஊர்க்காரங்களுக்கு நூறு தடவை போட்டாலும் நூறு தடவையும் அதே பதில்தான்.

இந்த முறையில மூணு மார்க்கோட சராசரியை எடுப்பாங்க, இங்க 3.3 வரும். ஒரு ஆளோட மார்க்கை நம்ப முடியாது, மூணு பேர் சராசரின்னா நடைமுறைக்குப் போதும்னு நீல்சனே சொல்றார். ஆனா சராசரியை மட்டும் ரிப்போர்ட்ல வச்சா 3, 3, 4ம் 2, 4, 4ம் ஒரே மாதிரி தெரியும். நான் மூணு மார்க்கையும் பக்கத்துலயே எழுதிடுவேன், ரெண்டு மார்க் வித்தியாசம் இருந்தா அதை மட்டும் உக்காந்து பேசுவோம். பேசின பிறகு மார்க்கை மாத்தினா பழசை அழிக்கறதில்ல. ஃப்ரெண்ட் 4க்கு மாறினான், 2ம் பக்கத்துல அப்படியே இருக்கு.

இவ்வளவு பண்ணியும் இது நிஜ ஆளுங்களை வச்சுப் பார்க்கறதுக்கு ஈடில்ல. ரிப்போர்ட் கொடுத்த மறுநாள் காலைல கடை கவுண்டர்ல நின்னு நாலு பேர் ஆப் யூஸ் பண்றதைப் பார்த்தேன். மருந்துப் பேர்ல ஒரு எழுத்து தப்பானா தேடல்ல ஒண்ணுமே வரலைன்னு எங்க லிஸ்ட்ல ஒண்ணு இருந்துச்சு, அதுக்கு நாங்க 3 கொடுத்திருந்தோம். நாலு பேர்ல யாரும் தேடவே இல்ல. ஒரு அம்மா பையில இருந்து காலி ஸ்டிரிப்பை எடுத்து போட்டோ பிடிச்சு, டாக்டர் சீட்டு போடுற இடத்துல ஏத்தினாங்க, ஆப் "தெளிவான சீட்டைப் பதிவேற்றவும்"னுச்சு, அவங்க அதே காலி ஸ்டிரிப்பை வெளிச்சத்துல பிடிச்சு மறுபடி எடுத்தாங்க, மறுபடி அதே பதில். எங்க 27ல அது இல்ல. 28வதா எழுதி மத்த ரெண்டு பேருக்கும் அன்னைக்கு ராத்திரியே மார்க் போட அனுப்பினேன்.