டிரிபிளிங்குக்கு மார்க்: ஸ்டாப்வாட்ச் எங்கே ஏமாற்றுகிறது?

கூடைப்பந்து டிரிபிளிங்குக்கு நான் பல வருடம் மார்க் போட்டது ஸ்டாப்வாட்சை வைத்துத்தான். ஆறு கோன்களை வரிசையாக வைத்து, பந்தைத் தட்டிக்கொண்டே அவற்றுக்கிடையே வளைந்து போய்த் திரும்பச் சொல்வேன். சீக்கிரம் முடித்தால் அதிக மார்க். அறுபது பேர் இருக்கும் வகுப்பில் வேறென்ன செய்வது?

ஒருநாள் அதே பாதையில் பந்து இல்லாமல் ஓடவிட்டபோதுதான் கோளாறு தெரிந்தது. ஒரு மாணவன் பந்தோடு 11 விநாடி, பந்தில்லாமல் 8. ஒரு மாணவி பந்தோடு 14, பந்தில்லாமல் 13. பந்து அவனை 3 விநாடி இழுத்துப் பிடித்தது, அவளை ஒரே விநாடிதான். ஆனால் அதிக மார்க் அவனுக்குப் போயிருந்தது. நான் அளந்தது கால் வேகத்தை.

சரி, அந்த வித்தியாசத்துக்கே மார்க் போடலாமே என்று பார்த்தேன். அடுத்த வாரமே பந்தில்லாத ஓட்டத்தில் எல்லாரும் நடைபோட்டார்கள். பிள்ளைகள் கில்லாடிகள்.

அப்புறம்தான் ரூப்ரிக் எழுதினேன், அதாவது எப்படிச் செய்தால் எந்த நிலை என்று வரிசை வரிசையாகச் சொல்லும் மதிப்பீட்டு அட்டவணை. முதலில் எழுதியது ‘நல்ல கட்டுப்பாடு, ஓரளவு கட்டுப்பாடு, கட்டுப்பாடு இல்லை’ என்று. சக ஆசிரியரும் நானும் ஐந்து பேரைத் தனித்தனியாக மதிப்பிட்டதில் மூன்று பேருக்கு வேறு வேறு நிலை வந்தது. ‘நல்ல’ என்பது அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. அதனால் கண்ணால் எண்ணக்கூடியதை மட்டும் வைத்துக்கொண்டேன்.

இப்போது மூன்றே வரிசை. முதலாவது, பார்வை. பாதையின் முனையில் நின்று ஐந்து தடவை விரல்களைக் காட்டுவேன். ஓடிக்கொண்டே எண்ணைச் சொல்ல வேண்டும். நாலு அல்லது ஐந்து சரியென்றால் மேல்நிலை, இரண்டு மூன்று என்றால் நடுநிலை, அதற்குக் கீழே தொடக்கநிலை. குனிந்து பந்தையே பார்ப்பவரால் இதைச் சமாளிக்க முடியாது. இரண்டாவது, பந்து எழும் உயரம். அவரவர் இடுப்பைத் தாண்டக்கூடாது என்பதே கணக்கு, அதனால் உயரமானவர் குட்டையானவர் என்ற பேதம் வராது. மூன்றாவது, பழக்கமில்லாத கை. ஒரு சுற்று முழுவதும் அந்தக் கையால் மட்டும். எத்தனை முறை பந்து கைவிட்டுப் போகிறது என்று எண்ண வேண்டும். பந்தை நழுவவிடாமல் மெதுவாகப் போனால் மார்க் குறையாது, ஆனால் நின்றுவிடக்கூடாது.

நழுவலை எண்ணுவது ஜோடி மாணவரின் வேலை. நிலையை மட்டும் அவர்கள் போடக்கூடாது. நண்பனுக்குத் தாராளம் காட்டுவார்கள், எண்ணிக்கையில் அவ்வளவு காட்ட முடியாது. நான் ஒரு வகுப்பில் ஒரு வரிசையை மட்டும் பார்க்கிறேன். மூன்றையும் ஒரே நாளில் பார்க்க முயன்றபோது, கடைசிப் பத்துப் பேரின் தாளில் எல்லாருக்கும் நடுநிலை விழுந்திருந்தது. அந்தப் பத்துப் பேரையும் மறுநாள் முதலில் கூப்பிட்டு மறுபடி பார்த்தேன். நாலு பேருக்கு நிலை மாறியது.