அரச இலையின் வால் எங்கே போனது?

பாயான் லெப்பாஸிலிருந்து ஓர் அம்மா எழுதியிருந்தார். மகன் ஐந்தாம் ஆண்டு படிக்கிறான். இலையைக் கட்டத்தாளில் வைத்து, விளிம்பை வரைந்து, பரப்பளவைக் கண்டுபிடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். விதி நமக்கெல்லாம் தெரிந்ததுதான். இலை முழுதாக மூடிய கட்டம் ஒன்று. பாதிக்கு மேல் மூடிய கட்டமும் ஒன்று. பாதிக்குக் குறைந்தால் விட்டுவிட வேண்டும். பையன் கேட்டானாம்: "இல்லாததை இருக்குன்னு எண்ணுறோம், இருக்கிறதை இல்லைன்னு விடுறோம். அப்புறம் எப்படிம்மா விடை சரியா வரும்?"

நல்ல கேள்வி. எனக்கு இந்தக் கேள்வி வர நாற்பது வயது ஆனது.

இலையின் உண்மையான பரப்பளவு நமக்குத் தெரியாது. அதனால் முதலில் விடை தெரிந்த ஒரு வடிவத்தில் விதியைச் சோதித்துப் பார்ப்போம். கவராயத்தை 5 செ.மீ. திறந்து, கட்டத்தாளில் நான்கு கட்டங்கள் கூடும் மூலையில் ஊன்றி ஒரு வட்டம் போடுங்கள். கட்டத்தின் பக்கம் 1 செ.மீ. சூத்திரப்படி பரப்பளவு 78.54 சதுர செ.மீ. இப்போது எண்ணினால், முழுதாக உள்ளே இருக்கும் கட்டங்கள் 60. கோடு குறுக்கே ஓடும் கட்டங்கள் 28. இந்த 28-ல் பாதிக்கு மேல் உள்ளே இருப்பவை 20, பாதிக்குக் குறைந்தவை 8. ஆக விடை 80. உண்மையை விட ஒன்றரைதான் கூடுதல்.

இது சாதாரண விஷயமில்லை. விளிம்புக் கட்டம் ஒவ்வொன்றிலும் நாம் அதிகபட்சம் அரைக் கட்டம் தப்பு செய்யலாம். 28 கட்டத்திலும் ஒரே பக்கமாகத் தப்பினால் 14 சதுர செ.மீ. பிழை வரும். ஆனால் அப்படி நடப்பதில்லை. ஒரு கட்டத்தில் கொஞ்சம் கூட்டுகிறோம், அடுத்ததில் கொஞ்சம் விடுகிறோம். காசு சுண்டி, தலை விழுந்தால் ஓரடி முன்னாலும் பூ விழுந்தால் ஓரடி பின்னாலும் நடப்பவர் 28 சுண்டலுக்குப் பிறகு புறப்பட்ட இடத்துக்குப் பக்கத்திலேயேதான் நிற்பார். கணக்கிட்டுப் பார்த்தால் 28 விளிம்புக் கட்டங்களுக்கு வழக்கமாக எதிர்பார்க்கக்கூடிய பிழை ஏறத்தாழ ஒன்றரைக் கட்டம். நமக்கு வந்ததும் அதுதான்.

கட்டத்தை 5 மில்லிமீட்டராகக் குறைத்தால் விளிம்புக் கட்டங்கள் இரண்டு மடங்குக்கும் கொஞ்சம் கூடுதலாகும். ஆனால் ஒவ்வொன்றின் பரப்பும் நான்கில் ஒன்றாகிவிடும். அதே வட்டத்துக்கு 316 சின்னக் கட்டங்கள் வரும், அதாவது 79 சதுர செ.மீ. பிழை அரைக்கும் கீழே இறங்கிவிட்டது.

இந்த ஈடுகட்டல் நடக்க ஒரு நிபந்தனை உண்டு. விளிம்பு கட்டங்களை விதவிதமான இடங்களில் வெட்ட வேண்டும். சாப்பாட்டுக்கு நறுக்கிய வாழையிலைத் துண்டு ஒன்று 30.4 செ.மீ. நீளம், 20.4 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொள்வோம். அதைக் கட்டக் கோடுகளோடு ஒட்டி நேராக வைத்தால், ஓரத்துக் கட்டங்கள் எல்லாமே பாதிக்குக் குறைவாகத்தான் இருக்கும். அத்தனையும் போய் விடை 600 ஆகிவிடும். உண்மை 620. இங்கே 20 சதுர செ.மீ. காணாமல் போகிறது. துண்டைக் கொஞ்சம் சாய்த்து வைத்தால் போதும், தப்பு இரண்டு பக்கமும் பிரிந்துவிடும்.

சரி, இனி எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன்.

'பாதிக்கு மேலா' என்று கண்ணால் முடிவு செய்வது சிரமம். ஒரே கட்டத்தைக் கணவன் ஒன்று என்பார், மனைவி இல்லை என்பார். ஆனால் சதுரத்துக்கு ஒரு குணம் உண்டு. அதன் நடுப்புள்ளி வழியாக எந்தச் சாய்வில் ஒரு நேர்கோடு போனாலும் சதுரம் சரிபாதியாகப் பிரியும். கோடு நடுப்புள்ளியை விட்டு விலகிப் போனால், நடுப்புள்ளி இருக்கும் துண்டுதான் பெரியது. ஒரு சின்னக் கட்டத்துக்குள் இலையின் விளிம்பு கிட்டத்தட்ட நேர்கோடுதானே? அப்படியானால் 'பாதிக்கு மேலா' என்ற கேள்வியும் 'நடுப்புள்ளி இலைக்குள் இருக்கிறதா' என்ற கேள்வியும் ஒன்றேதான். ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் பேனாவால் ஒரு புள்ளி வைத்துவிட்டு, இலைக்குள் விழும் புள்ளிகளை மட்டும் எண்ணுங்கள். சண்டை வராது.

பரப்பை அளக்கப் போய்ப் புள்ளியை எண்ணுகிறோமே, புள்ளிக்குப் பரப்பே கிடையாதே என்று பையன் அடுத்துக் கேட்பான். அதற்கு ஒரு வெற்றிலை வேண்டும். ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் வாங்கியது ஒன்று என் மேசைமேல் இருக்கிறது. பரப்பளவு 70 சதுர செ.மீ. என்று வைத்துக்கொள்வோம்.

வெற்றிலையைக் கட்டத்தாளில் ஒட்டிவிட்டு, கட்டக் கோடுகள் வழியாகவே எல்லாவற்றையும் பிளேடால் அறுத்துவிடுங்கள். ஒவ்வொரு கட்டமும் தன் இலைத் துண்டோடு தனித்தனியாக வரும். நடுவில் இருந்த கட்டங்களில் முழுத் துண்டு, விளிம்பில் இருந்தவற்றில் அரையும் குறையும். இப்போது எந்தக் கட்டத்தையும் திருப்பாமல், சீட்டுக்கட்டு அடுக்குவது போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். அடியில் ஒரே ஒரு சதுர சென்டிமீட்டர் இடம். அதன்மேல் 70 சதுர செ.மீ. இலை குவிந்திருக்கிறது. ஆகவே அந்த அடுக்கின் சராசரித் தடிமன் 70 இலை. விளிம்புத் துண்டுகளால் ஓரிடத்தில் 68 இருக்கலாம், இன்னோரிடத்தில் 72 இருக்கலாம். மொத்தத்தில் சராசரி 70-ஐ விட்டு அசைய வழியே இல்லை, ஏனென்றால் ஒரு துண்டு இலையைக்கூட நாம் தொலைக்கவில்லை.

இந்த அடுக்கில் ஓர் ஊசியை நேராக இறக்குங்கள். எத்தனை இலையைக் குத்துகிறது? கட்டங்களின் நடுவில் குத்தினால், நடுப்புள்ளி இலைக்குள் இருக்கும் கட்டங்கள் எத்தனையோ அத்தனை. அதாவது நாம் இவ்வளவு நேரம் எண்ணிய அதே எண். ஊசியைக் கொஞ்சம் நகர்த்திக் குத்துவதும், இலையைத் தாளின்மேல் கொஞ்சம் நகர்த்தி வைத்து நடுப்புள்ளிகளை மறுபடி எண்ணுவதும் ஒன்றுதான். ஆகவே இலையை இஷ்டம்போல் நகர்த்தி நகர்த்தி எண்ணினால், அந்த எண்களின் சராசரி பரப்பளவை நோக்கித்தான் போகும். தோராயமாக அல்ல, அச்சாக. கட்டம் பெரிதா சிறிதா, இலை வட்டமா வாலா என்பதெல்லாம் இதற்குப் பொருட்டே இல்லை.

இந்த அடுக்கும் யோசனையை வைத்து ஹான்ஸ் பிலிக்ஃபெல்ட் என்ற கணிதவியலாளர் 1914-ல் எண் கோட்பாட்டில் ஒரு தேற்றத்தையே நிறுவினார். கத்திரிக்கோலும் தாளும் போதும் என்கிற கணிதத்துக்கு ஆய்வகம் கேட்டு யாரும் மானிய விண்ணப்பம் எழுதுவதில்லை. அதனாலேயோ என்னவோ, பள்ளிகளில் இதைக் காட்டவும் யாருக்கும் தோன்றுவதில்லை.

நம் வட்டத்துக்கு இதைச் செய்து பார்க்கலாம். மையம் கட்ட மூலையில் இருந்தபோது 80. மையத்தை ஒரு கட்டத்தின் பக்கக் கோட்டின் சரிநடுவுக்கு நகர்த்தினால் 78 புள்ளிகள். மூலையிலிருந்து இரு திசையிலும் கால் கட்டம் நகர்த்தினால் 79. மூன்றின் சராசரி 79. இதே அளவு துல்லியத்தை 316 சின்னக் கட்டங்களை எண்ணித்தான் முன்பு எட்டினோம்.

இப்போது பள்ளி விதிக்கும் புள்ளி விதிக்கும் வித்தியாசம் எங்கே வருகிறது என்று பார்ப்போம். இரண்டும் ஒன்று என்று சொன்னது, கட்டத்துக்குள் விளிம்பு ஒரே ஒரு நேர்கோடாக ஓடும் வரைதான். எங்கள் தாமான் பிள்ளையார் கோயில் அரசமரத்தடியில் ஓர் இலை பொறுக்கி வந்தேன். அரச இலைக்கு நீண்ட வால் உண்டு. மழைநீர் வடிந்துவிட வசதியான நுனி அது. என் இலையில் அந்த வால் 4 செ.மீ. நீளம். தொடங்கும் இடத்தில் 4 மில்லிமீட்டர் அகலம், போகப் போக ஊசி முனை. முக்கோணமாக எடுத்தால் பரப்பு 0.8 சதுர செ.மீ.

இதை 1 செ.மீ. கட்டத்தில் எப்படி வைத்தாலும், வாலின் நடுப்பகுதி கிடக்கும் எந்தக் கட்டமும் பாதி நிறைய வாய்ப்பே இல்லை. விளிம்பின் இரண்டு பக்கமும் ஒரே கட்டத்துக்குள் ஓடுகின்றன. பள்ளி விதிப்படி வாலின் பரப்பு பூஜ்யம். நூறு முறை மாற்றி வைத்து எண்ணினாலும் பூஜ்யம்தான், சராசரி எடுத்தும் பயனில்லை. வெற்றிலை நுனியில் லட்சுமி இருக்கிறாள் என்று பாட்டி சொல்வார். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் பாதிக்கு மேல் விதி முதலில் துரத்துவது அவளைத்தான்.

புள்ளி விதி வாலைத் துரத்தாது. அரச இலையை ஆறு முறை மாற்றி வைத்து வாலில் விழுந்த புள்ளிகளை மட்டும் எண்ணினேன். 0, 2, 0, 0, 3, 0. மொத்தம் 5, சராசரி 0.83. ஒவ்வொரு எண்ணும் தனித்தனியாகப் பார்த்தால் அபத்தம். கூட்டினால் வால் திரும்பி வந்துவிடுகிறது.

இதே கோளாறு பூச்சி அரித்த இலையில் தலைகீழாக நடக்கும். சின்னச் சின்ன ஓட்டை விழுந்த கட்டங்கள் எல்லாமே பாதிக்கு மேல் நிறைந்தவைதான். அதனால் பள்ளி விதி ஓட்டைகளை எல்லாம் அடைத்து, முழு இலையாகவே காட்டும். பூச்சி எவ்வளவு தின்றது என்று அறியத்தான் அளக்கிறீர்கள் என்றால், புள்ளி விதிக்கு மாறிவிடுங்கள். பையன் தேர்வில் மட்டும் ஆசிரியர் சொன்ன விதியையே எழுதட்டும்.

எண்ணத் தொடங்கும் முன் ஒரு வேலை. போன வருடம் நான் அளந்த வெற்றிலைகள் எல்லாம் வழக்கத்தை விடப் பெரிதாக வந்தன. ரகம் நல்ல ரகம் போல என்று நினைத்துக்கொண்டேன். தற்செயலாகத் தாளின்மேல் அடிக்கோலை வைத்தபோதுதான் தெரிந்தது, பத்துக் கட்டம் 9.7 செ.மீ. மட்டுமே இருந்தது. ஃபோட்டோஸ்டாட் கடையில் தாளுக்குள் அடக்க 97 விழுக்காட்டுக்குச் சுருக்கியிருக்கிறார்கள். நீளத்தில் மூன்று விழுக்காடு என்றாலும் பரப்பில் அது ஆறு ஆகிறது. 70 சதுர செ.மீ. வெற்றிலை இந்தத் தாளில் 74-க்கு மேல் காட்டும். இலையை எத்தனை முறை மாற்றி வைத்து எண்ணினாலும் இந்தப் பிழை அப்படியே நிற்கும். அதனால் முதலில் அடிக்கோலை எடுத்துப் பத்துக் கட்டத்தை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் அளந்து பாருங்கள்.