செல் படத்தில் பாகம் குறிக்கும் முன் கோட்டின் நுனியைப் பாருங்கள்

தேர்வு நெருங்கினால் மாணவர்கள் செல் படத்தைப் போட்டோ எடுத்து அனுப்பி, "சார், பாகமெல்லாம் சரியா?" என்று கேட்பார்கள். உயிரியல் ஆசிரியராக இவற்றைத் திருத்தும்போது நான் காண்பது இதுதான்: பெயர் தெரியாமல் வரும் தவறு குறைவு, படத்தைச் சரியாகப் பார்க்காமல் வரும் தவறு அதிகம். பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் பெற்றோருக்கும் இது பயன்படும் என்பதால், ஒரு மாணவி அனுப்பிய படத்தை முழுதாக எடுத்துக்கொள்கிறேன்.

இடப்பக்கம் கட்டம் போன்ற ஒரு செல், வலப்பக்கம் வட்டமான ஒரு செல். டியூப் லைட் வெளிச்சத்தில் சாய்வாக எடுத்த போட்டோ. நிறம் வெளிறிவிட்டதால் பச்சை எது, பழுப்பு எது என்று தெரியவில்லை. அதனால் நிறத்தை நம்பாமல் வடிவத்தை மட்டும் பார்ப்போம்.

இடப்பக்கச் செல்லின் ஓரத்தில் இரண்டு கோடுகள் ஒட்டி ஓடுகின்றன. வெளியே இருக்கும் தடித்த கோடு செல் சுவர், அதற்குள் இருக்கும் மெல்லிய கோடு செல் சவ்வு. மாணவி 'அ' என்ற எழுத்துக்கு நேராகச் 'செல் சுவர்' என்று எழுதியிருந்தாள். ஆனால் 'அ'விலிருந்து வரும் கோட்டின் நுனி தடித்த கோட்டைத் தாண்டி உள் கோட்டில் போய் நிற்கிறது. ஆகவே அது செல் சவ்வு. எழுத்து எங்கே இருக்கிறது என்பது முக்கியமில்லை, நுனி எதைத் தொடுகிறது என்பதுதான் விடை. போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தால்தான் இது தெரியும். இரண்டின் வேலையும் வேறு. செல்லுலோஸால் ஆன சுவர் செல்லுக்கு உறுதி தருகிறது. நீரும் அதில் கரைந்த உப்புகளும் அதைத் தாராளமாகக் கடந்து போகும். எதை உள்ளே விடுவது, எதைத் தடுப்பது என்று தேர்ந்தெடுப்பது சவ்வுதான்.

அடுத்து, நடுவில் ஒரு பெரிய வெற்றிடம். மாணவி இதை 'சைட்டோபிளாசம்' என்று குறித்திருந்தாள். இந்தத் தவறு அடிக்கடி வரும். அந்த இடத்தைச் சுற்றித் தனியாக ஒரு கோடு ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் அது நுண்குமிழ், அதாவது வாக்குவோல். முதிர்ந்த தாவரச் செல்லில் இது செல்லின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்ளும். நீர், உப்பு, சர்க்கரை, கழிவு எல்லாம் இதற்குள் இருக்கும். இது நிறைந்து சுவரை அழுத்துவதால்தான் இலை விறைப்பாக நிற்கிறது. நீர் குறைந்தால் செடி வாடுகிறது. சைட்டோபிளாசம் இதற்கும் செல் சவ்வுக்கும் இடையே மெல்லிய பட்டையாக ஒதுங்கியிருக்கும். உட்கருவும் ஓரத்துக்குத் தள்ளப்பட்டிருக்கும். நடுவில் இருப்பதெல்லாம் உட்கரு என்று எண்ணிவிடக் கூடாது. உள்ளே அடர்த்தியான ஒரு புள்ளி, அதாவது உட்கருமணி, இருக்கும் உருண்டையைத் தேடுங்கள். மரபுச் செய்தியைத் தாங்கும் டி.என்.ஏ. அங்கேதான் இருக்கிறது.

மிகவும் குழப்புவது இரண்டு முட்டை வடிவங்கள்: பசுங்கணிகமும் மைட்டோகாண்ட்ரியாவும். படத்தில் இரண்டையும் ஒரே அளவில் வரைந்துவிடுகிறார்கள். உண்மையில் பசுங்கணிகம் பொதுவாகப் பெரியது, 5 முதல் 10 மைக்ரோமீட்டர் நீளம் வரை இருக்கும். படத்தில் அளவை நம்ப முடியாததால் உள்ளே பாருங்கள். காசுகளை அடுக்கி வைத்ததுபோல் அடுக்குகள் தெரிந்தால் பசுங்கணிகம். ஒளியைக் கொண்டு சர்க்கரை தயாரிப்பது அதன் வேலை. உள் சவ்வு வளைந்து வளைந்து மடிந்திருந்தால் மைட்டோகாண்ட்ரியா. அது உணவிலிருந்து ஆற்றலை, செல் பயன்படுத்தும் ஏ.டி.பி. என்ற மூலக்கூறாக எடுத்துத் தருகிறது.

இங்கே இன்னொரு தவறையும் சொல்ல வேண்டும். மைட்டோகாண்ட்ரியா விலங்குச் செல்லுக்கு மட்டும் என்று பலர் எழுதுகிறார்கள். தாவரச் செல்லிலும் அது உண்டு. தயாரித்த சர்க்கரையிலிருந்து ஆற்றலை எடுக்க அது வேண்டுமே! அதேபோல், பசுங்கணிகம் இல்லை என்பதற்காக 'இது தாவரச் செல் இல்லை' என்றும் சொல்லிவிடக் கூடாது. வெங்காயத் தோலை உரித்துப் பார்த்தால் அதில் பசுங்கணிகம் இருக்காது. தாவரச் செல்லா, விலங்குச் செல்லா என்று முடிவு செய்யச் செல் சுவரைத்தான் பார்க்க வேண்டும்.

சரி, வலப்பக்கச் செல்லுக்கு வருவோம். ஓரத்தில் ஒரே கோடு, சுவர் இல்லை. ஆகவே இது விலங்குச் செல். நுண்குமிழ்கள் இருந்தாலும் மிகச் சிறியவை. உட்கருவுக்கு அருகே, ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு குட்டி உருளைகள் தெரிகின்றன. அவை சென்ட்ரியோல்கள். செல் பிரியும்போது கதிர்கோல் இழைகள் அமைவதில் அவற்றுக்குப் பங்கு உண்டு. உயர் தாவரங்களில் இவை கிடையாது.

வளைந்த தட்டுகளாக வரைந்த இரண்டு இடங்கள் இருந்தால், எது உட்கரு உறையோடு தொடர்கிறது என்று பாருங்கள். தொடர்வது எண்டோபிளாச வலைப்பின்னல். அதன் மேல் உள்ள புள்ளிகள் புரதம் கட்டும் ரைபோசோம்கள். உட்கருவைத் தொடாமல் தனியாக, ஓரங்களில் சிறு குமிழ்களோடு நிற்பது கோல்கை உறுப்பு. புரதத்தைப் பதப்படுத்தி, பொதிந்து, போக வேண்டிய இடத்துக்கு அனுப்புவது அது. போட்டோ மங்கலாக இருந்து இந்த இணைப்பு தெரியாவிட்டால் ஊகித்துக் குறிக்க வேண்டாம். படத்தை நேர் மேலிருந்து, பகல் வெளிச்சத்தில், குறிகள் எதுவும் வெட்டுப்படாமல் மறுபடி எடுங்கள்.