‘பென்டிங்’கில் நிற்கும் ரத்த சாம்பிள்: 60 நிமிட இலக்கு எப்போது சரி?

அவசரப் பிரிவிலிருந்து வரும் போன்களில் பாதி ஒரே கேள்விதான்: "லேப்ல இன்னும் பென்டிங்னே காட்டுது, எப்போ வரும்?" லேபில் இருப்பவர்கள் சொல்லும் பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: "எங்க சராசரி 47 நிமிஷம், இப்போ வந்துடும்." இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் அந்த 47 என்ற எண்ணை நம்பி ஒரு மருத்துவர் முடிவெடுக்க முடியாது. ஏன் என்று பார்ப்போம்.

கணக்குக்காக ஒரு காலை வேளையைக் கற்பனை செய்துகொள்வோம். அவசரப் பிரிவிலிருந்து பொட்டாசியம், கிரியாட்டினின் பார்க்க 20 சாம்பிள்கள் லேபுக்கு வருகின்றன. மதியம் உட்கார்ந்து அறிக்கை எடுக்கிறோம். 18 சாம்பிள்களுக்கு ரிசல்ட் போய்விட்டது. அவற்றில் 16 சாம்பிள்களுக்கு 34 முதல் 58 நிமிடம் வரை ஆகியிருக்கிறது. ஒன்றுக்கு 63, இன்னொன்றுக்கு 88 நிமிடம். இந்தப் பதினெட்டின் சராசரிதான் 47. மீதி இரண்டு சாம்பிள்கள் இன்னும் பென்டிங். ஒன்று 95 நிமிடமாகவும் மற்றொன்று 140 நிமிடமாகவும் நிற்கின்றன.

லேப் மென்பொருள் தரும் அறிக்கையில் அந்த இரண்டும் பெரும்பாலும் இருக்காது. ரிசல்ட் நேரம் இல்லாத வரிக்குக் கழித்துப் பார்க்க எதுவும் இல்லை என்பதால், அது தானாகவே விட்டுவிடும். அதாவது, மிக அதிகமாகக் காத்திருப்பவைதான் முதலில் கணக்கிலிருந்து விழுகின்றன. 60 நிமிடத்துக்குள் முடிந்தவை எத்தனை என்று கேட்டால், பதினெட்டில் பதினாறு, 89 சதவீதம் என்று அறிக்கை சொல்லும். உண்மையில் இருபதில் பதினாறு, 80 சதவீதம்தான். முடியாதவற்றையும் சேர்த்து வரிசைப்படுத்தினால், நடுவில் நிற்கும் சாம்பிளின் நேரம் சுமார் 45 நிமிடம். பத்தில் ஒன்பது சாம்பிள்கள் முடிய 88 நிமிடம் ஆகிறது. நோயாளியை வைத்துக்கொண்டு காத்திருக்கும் மருத்துவருக்கு வேண்டியது இந்த 88தான். அதனால் சாம்பிளிலிருந்து ரிசல்ட் வரை ஆகும் நேரமான டி.ஏ.டி. கணக்கில் சராசரியைத் தூக்கிவிட்டு, ‘90 சதவீதம் எத்தனை நிமிடத்துக்குள்’ என்று கேட்பதே என் வழக்கம்.

அடுத்தது, கடிகாரம் எங்கே தொடங்குகிறது என்பது. ஒரு சாம்பிளுக்கு நான்கு நேரங்கள் உண்டு: மருத்துவர் டெஸ்ட் எழுதியது, ரத்தம் எடுத்தது, லேபில் பார்கோடு ஸ்கேன் ஆனது, ரிசல்ட்டை லேப் மருத்துவர் சரிபார்த்து வெளியிட்டது. லேப்காரர்கள் மூன்றாவதிலிருந்து எண்ணுவோம், அதுதான் எங்களுக்கு வசதி. நோயாளியோ முதலாவதிலிருந்தே காத்திருக்கிறார். இரண்டாவதிலிருந்து எண்ணலாம் என்று கிளம்பினால், அந்த நேரத்தை நம்ப முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும். ஸ்டிக்கர் அச்சிட்ட கையோடு ‘எடுத்தாயிற்று’ என்று பதிவதும், ஒரு வார்டு முழுவதுக்கும் மொத்தமாக 6 மணி என்று பதிவதும் சாதாரணமாக நடப்பவை. பத்து சாம்பிள்களில் ஒரே நேரம் இருந்தாலோ, எடுத்ததற்கும் லேபுக்கு வந்ததற்கும் ஒரு நிமிடம்கூட இடைவெளி இல்லாவிட்டாலோ, அது கட்டிலருகே பதிந்த நேரம் அல்ல.

நம் கணக்கில் பிந்திய நான்கையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்ப்போம். 88 நிமிடம் ஆன சாம்பிளில் மெஷின் 41-வது நிமிடத்திலேயே எண்ணைக் கொடுத்துவிட்டது. மீதி 47 நிமிடமும் சரிபார்ப்புத் திரையில் நின்றது. கிரியாட்டினின் முந்தைய ரிசல்ட்டிலிருந்து வெகுவாக மாறியிருந்ததால் மென்பொருள் தானாக வெளியிடாமல் நிறுத்தியது. பார்க்க வேண்டியவர் வேறு வேலையில் இருந்தார். 63 நிமிடம் ஆனது, டியூப்களைச் சுழற்றும் சென்ட்ரிஃபியூஜ் நிறையட்டும் என்று டியூப்களைச் சேர்த்து வைத்ததால். 95 நிமிடமாக நிற்பதன் பார்கோடு கசங்கியிருந்தது. மெஷின் படிக்காமல் ஓரமாகத் தள்ளிய டியூபை யாரும் கவனிக்கவில்லை. 140 நிமிடமாக நிற்பது ஹீமோலைசிஸ் ஆன சாம்பிள். சிவப்பணுக்கள் உடைந்து உள்ளிருந்த பொட்டாசியம் வெளியே கசிந்திருக்கும். அந்த எண்ணைக் கொடுக்க முடியாது, புது ரத்தம் வேண்டும்.

இங்கே ஒரு தந்திரம் எளிதாக நுழைந்துவிடும். அந்தச் சாம்பிளை ‘நிராகரிப்பு’ என்று மூடிவிட்டால் பென்டிங் பட்டியல் சுத்தமாகிவிடும். புது டியூபுக்குப் புது எண், புதுக் கடிகாரம். அது 40 நிமிடத்தில் முடிந்து நல்ல பெயரும் வாங்கித் தரும். நோயாளி மூன்று மணி நேரம் காத்திருந்தது எந்த அறிக்கையிலும் வராது. மறு சாம்பிளைப் பழைய ஆர்டரோடு இணைத்து, முதல் சாம்பிளின் நேரத்திலிருந்தே எண்ண வேண்டும்.

இனி இலக்கு. நிர்வாகக் கூட்டங்களில் ‘30 நிமிடம்’ என்று யாராவது சொல்வார்கள், கேட்க நன்றாக இருக்கும். சாதாரண சீரம் டியூபில் ரத்தம் உறையவே சுமார் 30 நிமிடம் விட வேண்டும். சென்ட்ரிஃபியூஜில் 10 நிமிடம். மெஷினில் இன்னொரு 10 நிமிடம் வைத்துக்கொள்ளலாம். எந்தத் தாமதமும் இல்லாமலே, ரத்தம் எடுத்ததிலிருந்து 50 நிமிடம் ஆகிவிட்டது. இதற்கு மேல் அழுத்தினால் ஊழியர்கள் உறையாத ரத்தத்தைச் சுற்றிவிடுவார்கள். அதிலுள்ள ஃபைப்ரின் இழைகள் மெஷினின் ஊசியை அடைக்கும், ரிசல்ட்டும் தவறும், சாம்பிள் மறுபடி பென்டிங். நேரம் உண்மையிலேயே குறைய வேண்டுமானால் அவசரப் பிரிவுக்கு ரத்தத்தை உறையவிடாத லித்தியம் ஹெப்பரின் உள்ள பச்சை மூடி டியூப் கொடுக்கலாம். உறையும் நேரம் முழுதாக மிச்சம். பொட்டாசியம் உடனே வேண்டும் என்றால், அவசரப் பிரிவிலேயே இருக்கும் ரத்த வாயு மெஷின் சில நிமிடங்களில் தந்துவிடும். ஆனால் ஹீமோலைசிஸ் ஆகியிருந்தால் அங்கே பல நேரம் கண்ணில் படாது.

நம் இருபது சாம்பிள்களுக்கே திரும்பினால், சென்ட்ரிஃபியூஜைப் பாதி நிறைந்தாலும் எதிரெடை டியூப் வைத்து உடனே ஓட்டுவது, நிறுத்தப்பட்ட ரிசல்ட் 10 நிமிடம் தாண்டினால் பணி மருத்துவரை போனில் கூப்பிடுவது என்ற இரண்டை மட்டும் மாற்றினால் 63, 88 ஆனவை இரண்டும் 60-க்குள் வந்துவிடும். இருபதில் பதினெட்டு, அதாவது 90 சதவீதம். ஆகவே ‘லேபில் வாங்கியதிலிருந்து 60 நிமிடத்துக்குள் 90 சதவீதம்’ என்பது இந்த லேபால் எட்ட முடிகிற இலக்கு. அதற்கு மேலே போக வேண்டுமானால் பார்கோடையும் ரத்தம் எடுக்கும் முறையையும் சரிசெய்ய வேண்டும். ரத்தம் எடுக்கும் முறை லேபின் கையில் மட்டும் இல்லை. செவிலியர்களோடு உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம். பரிசோதனைக் கூடங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 15189 தரநிலையின் 2012 பதிப்பும் இந்த நேரங்களை, ரிசல்ட்டைப் பயன்படுத்துபவர்களோடு கலந்து பேசி முடிவு செய்யச் சொன்னது.

இருபது சாம்பிளில் ஒன்று தவறினாலே 5 சதவீதம் போய்விடும் என்பதால், ஒரு நாளை வைத்துத் தீர்ப்புச் சொல்லாமல் ஒரு மாதக் கணக்கைப் பாருங்கள். காலை 6 முதல் 9 வரை வார்டு சாம்பிள்கள் குவியும் நேரத்தையும் இரவையும் தனித்தனியாக எடுங்கள். சேர்த்துப் பார்த்தால் காலைத் தாமதத்தை மதியச் சும்மா நேரம் மறைத்துவிடும்.

எல்லா டெஸ்டுக்கும் ஒரே இலக்கு வைப்பதும் சரிவராது. நெஞ்சுவலியில் பார்க்கும் ட்ரோபோனினுக்கு, ரத்தம் எடுத்ததிலிருந்து 60 நிமிடத்துக்குள் ரிசல்ட் வேண்டும் என்று ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் வழிகாட்டுதல்கள் கேட்கின்றன. அங்கே டியூப் லிஃப்டுக்காகக் காத்து நின்ற நேரமும் நம் கணக்கில்தான் வரும்.