இயர்பட் எதைக் காது என்று நினைக்கிறது?

அக்கா மகள் தினமும் மாலையில் ஓடப் போவாள். காதிலிருந்து கழற்றினால் பாட்டைத் தானாக நிறுத்தும் அவளுடைய இயர்பட்ஸ் போன மாதம் இரண்டு விதமாகப் படுத்தத் தொடங்கின. ஓடும்போது இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை பாட்டு நின்றுவிடும். இடது பக்கத்தை விரலால் உள்ளே அழுத்தினால் மறுபடி ஓடும், கொஞ்ச நேரத்தில் திரும்ப நிற்கும். வலது பக்கத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாலோ பாட்டு நிற்கவே நிற்காது. "ஒண்ணு தேவையில்லாம நிக்குது, இன்னொண்ணு நிக்க வேண்டிய நேரத்துல நிக்கல. இரண்டும் எப்படி மாமா ஒரே செட்டுல?" என்று கேட்டாள். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்தால், இந்த இரண்டு கோளாறுகளும் ஒரே எண்ணின் இரண்டு பக்கங்கள்தான்.

இயர்பட்டின் உள்பக்கத்தில், காதுமடல் குழியைத் தொட்டபடி உட்காரும் இடத்தில், கறுப்பாக ஒரு சிறிய புள்ளி இருக்கும். அது சன்னல். கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிந்தாலும் அகச்சிவப்பு ஒளி அதற்குள் எளிதாகப் போய்வரும். அதன் பின்னால் ஓர் அகச்சிவப்பு எல்இடியும், பக்கத்திலேயே ஒளியை உணரும் ஒரு போட்டோடையோடும் இருக்கின்றன. எல்இடி நொடிக்குப் பல தடவை மிகச் சுருக்கமாக மின்னி அணையும். எதிரே தோல் இருந்தால் ஒளி பட்டுத் திரும்பும், இல்லாவிட்டால் காற்றில் போய்விடும். திரும்பி வந்த ஒளியின் அளவு ஓர் எண்ணாக மாறி, இயர்பட்டின் சிப்புக்குப் போகிறது. காதைப் பற்றி அந்தச் சிப்புக்குத் தெரிந்தது கிட்டத்தட்ட அந்த எண் மட்டும்தான்.

புரிவதற்காகச் சில எண்களை நானே வைத்துக்கொள்கிறேன். இயர்பட் காற்றில் இருக்கும்போது 60 வருகிறது, காதில் நன்றாக உட்கார்ந்தால் 800 வருகிறது. நடுவே ஒரே ஒரு கோடு போட்டு, அதற்கு மேல் காது, கீழ் காற்று என்று முடிவு செய்தால், எண் கோட்டின் மேலே தள்ளாடும் போதெல்லாம் பாட்டு ஓடி ஓடி நிற்கும். அதனால் இரண்டு கோடுகள் போடுவார்கள். எண் 500-ஐத் தாண்டினால் 'மாட்டியாச்சு'. 350-க்குக் கீழே போனால்தான் 'கழற்றியாச்சு'. நடுவில் இருக்கும்போது முன்பு எந்த நிலையோ அதுவே தொடரும். வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் தானியங்கி மோட்டார், அடிக்கோட்டுக்கு இறங்கினால் ஓடி, மேல்கோட்டுக்கு ஏறினால் நிற்பதும் இதே முறைதான். 'கழற்றியாச்சு' என்று முடிவானதும் இயர்பட் ப்ளூடூத் வழியாக போனுக்கு ஒரு நிறுத்து கட்டளையை அனுப்பும். உண்மையில் பாட்டை நிறுத்துவது போன்தான்.

இப்போது இடது பக்கத்தைப் பார்ப்போம். அவள் அந்தப் பக்கத்துக்கு மட்டும் சிறிய சிலிகான் முனையை மாற்றியிருந்தாள். ஓடும் அதிர்விலும் வியர்வையின் வழுக்கலிலும் இயர்பட் மெல்ல வெளியே நழுவுகிறது. சன்னலுக்கும் தோலுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி விழுந்தாலே திரும்பும் ஒளி வெகுவாகக் குறைந்துவிடும். 800 என்று இருந்தது 600 ஆகி, 450 ஆகி, ஒரு குதிப்பில் 300-க்கு இறங்குகிறது. பாட்டு நிற்கிறது. அடுத்த நொடியே 450-க்கு ஏறினாலும் 500-ஐத் தாண்டாததால் தானாகத் திரும்ப ஓடாது. விரலால் அழுத்தினால் 800 ஆகி ஓடுகிறது. அவள் சொன்ன அறிகுறி வரிக்கு வரி இதுதான். பேசும்போதும் மெல்லும்போதும் மட்டும் பாட்டு நிற்பவர்களுக்கும் பெரும்பாலும் இதே காரணம்தான், தாடை அசையும்போது காதுத் துவாரத்தின் வடிவம் மாறுகிறது.

நல்ல வெயிலும் இதில் விளையாடும். சூரிய ஒளியில் அகச்சிவப்பு நிறைய உண்டு. அதனால் சென்சர் எல்இடி அணைந்திருக்கும்போது ஒருமுறையும் எரியும்போது ஒருமுறையும் அளந்து, வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. ஆனால் தளர்வாக மாட்டிய இடுக்கு வழியே நேர் வெயில் விழுந்து போட்டோடையோடு திணறிப்போனால், இரண்டு அளவும் உச்சத்திலேயே நிற்கும். வித்தியாசம் பூஜ்யத்தை நெருங்கும். காதில் இருந்தும் 'கழற்றியாச்சு' என்று சிப் நினைத்துக்கொள்ளும்.

வலது பக்கக் கோளாறுதான் எனக்குச் சுவாரசியமானது. எல்இடியின் ஒளியில் சிறு பங்கு எப்போதுமே சன்னலின் உள்பரப்பில் பட்டு நேராக போட்டோடையோடுக்குத் திரும்பும். காற்றில் வரும் அந்த 60 பெரும்பாலும் இந்தக் கசிவுதான். சன்னல் மேல் வியர்வை உப்பு, சன்ஸ்கிரீன், பவுடர், காதுக் குறும்பி எல்லாம் மெல்லிய படலமாகக் காய்ந்தால் அது ஒளியைச் சிதறடித்து உள்ளேயே திருப்பும். 60 என்பது 400 ஆகிவிடுகிறது. கழற்றினாலும் எண் 400-க்குக் கீழே போகாது, 350 என்ற கோடு தொடப்படவே மாட்டாது. இயர்பட்டைப் பொறுத்தவரை அது இன்னும் காதில்தான் இருக்கிறது. சன்னலையும் சேர்த்து மூடிவிடும் சிலிகான் உறைகளும் இதைத்தான் செய்கின்றன. உறை போட்ட பிறகு கோளாறு தொடங்கியிருந்தால் முதலில் உறையைக் கழற்றிப் பாருங்கள்.

எந்தப் பக்கம் குற்றவாளி என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. ஒரு இயர்பட்டைப் பெட்டியில் வைத்துவிட்டு மற்றதில் பாட்டை ஓடவிடுங்கள். அதைச் சன்னல் மறையாதபடி ஓரமாகப் பிடித்து, ஒரு விரலைச் சன்னல் மேல் வைத்து எடுங்கள். விரல் விலகி ஓரிரு நொடியில் பாட்டு நின்றால் அந்தப் பக்கச் சென்சர் வேலை செய்கிறது, குறை மாட்டும் விதத்தில். நிற்கவே இல்லையென்றால், தட்டி நிறுத்தும் வசதியால் பாட்டு நிற்கிறதா என்று பாருங்கள். அதற்கு நிற்குமானால் ப்ளூடூத்தும் போனும் சரி, சந்தேகம் சென்சர் மேல்தான். ஆனால் அதற்கு முன் போனில் `Automatic Ear Detection` அல்லது `Wear detection` போன்ற அமைப்பு அணைந்திருக்கவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

எங்கள் சோதனையில் இடதுக்கு விரல் வேலை செய்தது, வலதுக்குச் செய்யவில்லை. ஐசோபுரோபைல் ஆல்கஹால் லேசாக ஈரமாக்கிய காட்டன் பட்ஸால் வலது சன்னலைத் துடைத்தேன், ஒலி வரும் வலைமேல் படாமல். கறுப்புப் புள்ளியின் மேல் பால் போல ஒரு மங்கல் இருந்தது, இரண்டாவது துடைப்பில் போனது. கழற்றியதும் பாட்டு நின்றது. இடதுக்குப் பெரிய முனையைத் திரும்ப மாட்டினாள், ஓடும்போது நிற்பதும் போனது.

துடைத்தும் மாறாவிட்டால் கசிவு உள்ளே இருக்கலாம். எல்இடிக்கும் போட்டோடையோடுக்கும் நடுவே ஒளியைத் தடுக்கும் சிறு தடுப்பு, கீழே விழுந்த அதிர்ச்சியில் விலகியிருக்கும், அல்லது சன்னலுக்குப் பின்னால் ஈரம் படிந்திருக்கும். ஈரமானால் ஓரிரு நாள் பெட்டிக்கு வெளியே காயவைத்தால் தேறலாம். தடுப்பு விலகியிருந்தால் வீட்டில் சரிசெய்ய வழியில்லை, அந்த வசதியை அணைத்துவிட்டுக் கையால் நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

கோளாறே இல்லாத சென்சரும் ஏமாறும். சட்டைப் பையின் துணியோ வெள்ளைக் காகிதமோ சன்னலை மறைத்தால் அதற்கும் ஒளி திரும்பும். இதனால்தான் ஆப்பிள் 2021-இல் வந்த மூன்றாம் தலைமுறை ஏர்பாட்ஸில் தோலை அடையாளம் காணும் சென்சருக்கு மாறியது. தோலில் தண்ணீர் நிறைய இருக்கிறது. 1450 நானோமீட்டர் அளவிலான அகச்சிவப்பைத் தண்ணீர் பலமாக விழுங்கும், அதைவிடக் குறைந்த அலைநீளத்தை அவ்வளவாக விழுங்காது. இரண்டு அலைநீளத்தில் ஒளி அனுப்பி, திரும்பியவற்றின் விகிதத்தைப் பார்த்தால் எதிரே இருப்பது தோலா, துணியா, மேசையா என்று பிரிக்க முடிகிறது. பழைய வகை இயர்பட்டின் சன்னலை வெள்ளைக் காகிதத்தால் மூடினால் பாட்டு ஓடும். இந்த வகை காகிதத்துக்கு அசையாது, விரலுக்குத்தான் அசையும்.