ஒரு ஜாதிக்காய் தானே என்று…

குன்னூர் பக்கம் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு, போன குளிர்காலத்தில் நடுராத்திரி இரண்டு மணிக்கு ஒரு அம்மாவைக் கூட்டிவந்தார்கள். வயது ஐம்பது இருக்கும். “நான் செத்துப் போயிடுவேன் டாக்டர்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். முகம் சிவந்து, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு வாய் உலர்ந்திருந்தது. நாடித்துடிப்பு 124. சிறுநீர் முட்டியும் போக முடியவில்லை.

ஊமத்தை விஷமோ என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் ஊமத்தையில் கண்ணின் பாப்பா நன்றாக விரிந்திருக்கும்; இவருக்கு இயல்பாக இருந்தது. “ராத்திரி என்ன சாப்பிட்டாங்க?” என்று மகனிடம் கேட்டேன். “ஒண்ணுமில்லை, தூக்கம் வரலைன்னு ஜாதிக்காய்ப் பால் குடிச்சாங்க.”

பர்லியாறு பக்கம் வாங்கிய காய். ஒரு முழுக் காயை மிக்சியில் பொடித்து, எட்டு மணிக்குப் பாதியைப் பாலில் போட்டுக் குடித்திருக்கிறார். பத்தரை வரை தூக்கம் வரவில்லை. சரி, போதவில்லை போல என்று மீதியையும் குடித்துவிட்டார்.

தவறு நடந்தது இங்கேதான். ஜாதிக்காயில் உள்ள மிரிஸ்டிசின் போன்ற பொருட்கள் வேலை காட்ட மூன்று முதல் ஆறு மணி நேரம் ஆகும். முதல் பாதி ஏறுவதற்குள் இரண்டாவது உள்ளே போய்விட்டது. ஓடு நீக்கிய ஒரு காய் சுமார் ஐந்து, ஆறு கிராம் இருக்கும். ஐந்து கிராமிலேயே பலருக்கு விஷக்குறிகள் தெரிந்திருக்கின்றன. சிலருக்கு அதற்கும் குறைவில்.

இதற்கென்று விஷமுறிவு மருந்து கிடையாது. இ.சி.ஜி. எடுத்து, சலைன் ஏற்றி, பதற்றம் அடங்க ஊசி போட்டு, ஒரு நாள் முழுக்கக் கண்காணிப்பில் வைத்தோம். தலைசுற்றல் விட மறுநாள் மாலை ஆனது.

அப்படியானால் எவ்வளவு போடலாம்? ஒரு டம்ளர் பாலுக்கு, துருவியில் இரண்டு மூன்று இழுப்பு. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் சேர்த்து எடுக்கும் சிட்டிகை. அது கால் கிராம்கூட வராது. நாலைந்து பேருக்கான குருமாவுக்கோ பாயசத்துக்கோ கால் டீஸ்பூன் தாராளம். தூக்கம் வராவிட்டால் அன்றிரவு இரண்டாவது டம்ளர் வேண்டாம். மிக்சியில் அரைத்து டப்பாவில் வைப்பதும் எனக்குப் பிடிக்காது. பொடியை ஸ்பூனால் அள்ளத்தான் கை போகும். கைக்குழந்தைக்கு உரைத்துக் கொடுக்க வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன், பாட்டிகள் கோபித்தாலும். கர்ப்பிணிகளும் மனநல மாத்திரை எடுப்பவர்களும் சமையலில் சேரும் அளவோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

யாராவது அதிகமாகச் சாப்பிட்டது தெரிந்தால், தொந்தரவு இல்லையே என்று காத்திருக்காதீர்கள். வீட்டில் வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம். 108-ஐ அழையுங்கள். மீதிப் பொடியையும் கையோடு கொண்டுவாருங்கள். வழக்கமான சிறுநீர்ப் பரிசோதனையில் ஜாதிக்காய் தெரியாது. அந்த டப்பாவைப் பார்த்துத்தான் எங்களுக்கு விஷயமே புரியும்.